பத்திரிகாசிரியருக்கு ஒரு கடிதம்

பொது நூல்நிலையங்களுக்கு அரசாங்கம் பொருளுதவி செய்ய வேண்டுமென்று வற்புறுத்திப் பத்திரிகாசிரியருக்குக் கடிதம் வரைக என்பது, பள்ளிகளில் குடிமைப் பயிற்சியின் பொருட்டு மாணவர்களுக்குக் கொடுக்கப்படும் வினாக்களுள் ஒன்று. வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்தம் பிள்ளைகளும் இதனை எழுதுகின்றனர். பெற்றோர் பக்கத்தில் அமர்ந்து உதவுவதும் உண்டு. பெரும்பாலான கடிதங்கள் நூலின் பெருமையில் தொடங்கி, அரசாங்கம் ஆவன செய்ய வேண்டும் என்ற வேண்டுகோளுடன் முடிந்துவிடும். இத்தகைய கடிதத்துக்கு மதிப்பெண் கிடைக்கலாம். பத்திரிகையில் இடம் கிடைப்பது அரிது. யாரிடம், எந்தப் பணத்தை, எதற்காகக் கேட்கிறோம் என்பது அதில் இராது. படித்துவிட்டு, இதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும் என்று உணர்வதற்கு ஓர் அதிகாரியும் இரார்.

பணம் எவ்வழியே வருகிறது என்பதை அறிந்தவர் எழுதினால் கடிதம் எவ்வாறு மாறும் என்பதை இன்று பார்ப்போம். பெங்களூரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்து மாணவிக்கு இந்த வினா வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் அவள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. அரசாங்கம் நடத்துகின்ற அல்லது பொருளுதவி செய்கின்ற நூல்நிலையங்கள், நமது அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை. ஆகவே நூல்நிலையத்துக்குப் பணம் வரும் வழி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். சென்னை மாகாணத்தில் 1948ஆம் ஆண்டு பொது நூல்நிலையச் சட்டம் இயற்றப்பட்டது. சொத்து வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஆறு பை, அதாவது பழைய கணக்கில் அரையணா, நூல்நிலைய வரியாகச் சேர்த்து வாங்க அது வழி செய்தது. அந்த முயற்சிக்குப் பின்னே நின்றவர் சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். அவர் 1930ஆம் ஆண்டிலேயே காசியில் கூடிய ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரிச் சட்டமொன்றை முன்வைத்தவர். பின்னர்க் காசியிலும் தில்லியிலும் பணியாற்றித் தம் இறுதிக் காலத்தைப் பெங்களூரில் கழித்தவர். நம்மைப் போலவே பிறந்த ஊரைவிட்டு வெளியே வாழ்ந்த தமிழர் என்பதனால் அவரை இங்கே நினைவுகூர்வது பொருந்தும்.

தனி வரி எதற்கு, அரசாங்கம் ஆண்டுதோறும் மானியம் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். மானியம் என்பது ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஒதுக்கப்படுவது. வெள்ளமோ வறட்சியோ வந்து செலவைக் குறைக்க நேர்ந்தால், புத்தகம் வாங்கும் தொகையில் கைவைப்பது எளிது. ஓராண்டு புத்தகம் வாங்காவிட்டால் மறுநாள் யாரும் முறையிட மாட்டார்கள். ஆனால் ஐந்தாண்டு வாங்காத நூல்நிலையத்துக்கு வாசகர் வருவது நின்றுவிடும். சட்டத்தின் வழியே இன்ன செலவுக்கு என்றே வாங்கப்படும் வரியை மற்றொரு செலவுக்குத் திருப்ப இயலாது என்பதே தனி வரியை ஆதரிப்போர் வாதம்.

கருநாடகத்தில், அன்றைய மைசூர் மாநிலத்தில், 1965ஆம் ஆண்டு இத்தகைய சட்டம் வந்தது. அங்கும் சொத்து வரியோடு நூல்நிலைய வரி சேர்கிறது. நூறு ரூபாய் சொத்து வரிக்கு ஆறு ரூபாய் என்பது கணக்கு. நம் மாணவி தன் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்க்கிறாள். அதில் நூல்நிலையம் என்ற சொல்லே தனியாகத் தென்படாமல் இருக்கலாம். சுகாதாரம், நூல்நிலையம், இரவலர் மறுவாழ்வு ஆகியவற்றுக்கான மேல்வரிகளை ஒரே தொகையாகக் காட்டும் வழக்கம் உண்டு. சொத்து வரி மட்டும் 4,000 ரூபாய் என்றால், அதில் நூற்றுக்கு ஆறு வீதம் 240 ரூபாய் நூல்நிலையத்துக்கு உரியது. அவள் வீட்டார் வாடகைக்குக் குடியிருப்பவராயினும், வரியின் சுமை வாடகையோடு அவர்களையும் வந்தடைகிறது. இப்பொழுது வாதத்தின் முகமே மாறிவிட்டது. இனி அவள் அரசாங்கத்திடம் தருமம் கேட்க வேண்டியதில்லை. தன் வீட்டார் கொடுத்த 240 ரூபாய்க்குக் கணக்குக் கேட்கலாம்.

இம்முறையின் குறையும் இங்கேதான் இருக்கிறது. வரியை வாங்குவது நகராட்சியின் கை. புத்தகத்துக்குச் செலவிடுவது நூல்நிலைய நிர்வாகத்தின் கை. முதற் கையிலிருந்து இரண்டாவது கைக்குப் பணம் உரிய காலத்தில் மாறாவிடில், மக்கள் வரி கொடுத்தும் அலமாரி வெறுமையாகவே நிற்கும். அப்பொழுது புதிய வரி கேட்பதும் வரியை உயர்த்தச் சொல்வதும் பயன் தரா. வசூலானதைச் சேர்ப்பிக்கச் சொல்வதே பரிகாரம்.

இதனை வாசகர் எவ்வாறு கண்டுகொள்வது? நூல்நிலையத்தில் வாங்கும் ஒவ்வொரு புத்தகத்தையும் வரவுப் பதிவேட்டில் ஏற்றி, அதற்கு ஓர் எண் கொடுத்து, அவ்வெண்ணைப் புத்தகத்தின் முன்பக்கங்களில் முத்திரையோடு குறிப்பார்கள். பல இடங்களில் தேதியும் அதனுடன் இருக்கும். ஓர் அலமாரியில் உள்ள நூல்களை வரிசையாகத் திறந்து, யாவற்றினும் பிந்திய தேதி எது என்று பார்த்தால், கடைசியாக எப்பொழுது புத்தகம் வாங்கினார்கள் என்பது விளங்கிவிடும். நாளிதழ்கள் ஒழுங்காக வருகின்றனவா என்பது மற்றோர் அடையாளம். பாக்கி நின்றால் முதலில் நின்றுபோவது பத்திரிகையே. இவை ஐயத்தை எழுப்பும் அறிகுறிகள். முடிவான சான்றுகள் அல்ல. சான்று வேண்டுமாயின், 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்படி நகராட்சிக்கு ஒரு விண்ணப்பம் போடலாம். சென்ற நிதியாண்டில் நூல்நிலைய வரியாக வசூலானது எவ்வளவு, நூல்நிலைய நிதியில் செலுத்தியது எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்று மூன்று கேள்விகளே போதும். முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது விதி.

இவற்றையெல்லாம் அறிந்தபின் மாணவி எழுதும் கடிதம் இவ்வாறு அமையலாம்.

"ஐயா,

எங்கள் வட்டாரத்துக் கிளை நூல்நிலையத்துக்கு வாரந்தோறும் செல்லும் பள்ளி மாணவி நான். அங்குள்ள தமிழ் அலமாரியில் 40 நூல்களைத் திறந்து வரவுத் தேதிகளைப் பார்த்தேன். அவற்றுள் மிகப் பிந்தியது நான்கு ஆண்டுகளுக்கு முற்பட்டது. பக்கத்தில் உள்ள கன்னட அலமாரியின் நிலையும் இதுவே. பொதுத் தேர்வுக்குரிய நூல்கள் பழைய பாடத்திட்டத்தைச் சேர்ந்தவையாதலின், அவற்றை நம்பிப் படிக்க வரும் ஏழை மாணவர்கள் ஏமாந்து திரும்புகின்றனர்.

எங்கள் வீட்டுக்குச் சென்ற ஆண்டு செலுத்திய சொத்து வரி 4,000 ரூபாய். சட்டப்படி அதன்மேல் 240 ரூபாய் நூல்நிலைய வரியாகக் கொடுத்திருக்கிறோம். இவ்வட்டாரத்தில் ஆயிரம் வீட்டார் இவ்வாறே கொடுத்திருப்பின், தொகை 2,40,000 ரூபாய் ஆகும். அத்தொகை முழுதும் எங்கள் கிளைக்கே வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நகரத்தின் எல்லாக் கிளைகளுக்கும் அது பொதுவானது. ஆனால் அது நூல்நிலைய நிதியைச் சென்றடைந்ததா என்பதை அறிய வரி கொடுத்தவர்களுக்கு உரிமை உண்டு.

கைபேசியில் எல்லாம் படிக்கலாமே, நூல்நிலையம் எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். எங்கள் வகுப்பிலேயே, வீட்டில் ஒரே கைபேசி உள்ள பிள்ளைகள் பலர். தந்தை அதனை வேலைக்கு எடுத்துச் சென்றபின் அவர்களுக்கு மிஞ்சுவது இந்த நூல்நிலையத்து மேசையே.

ஆகவே நகராட்சி ஆணையர், வசூலான நூல்நிலைய வரியையும் செலுத்திய தொகையையும் நிலுவையையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்றும், வரி ரசீதில் இத்தொகையைத் தனி வரியாகக் காட்ட வேண்டும் என்றும் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்."

இக்கடிதத்தில் யார்மீதும் குற்றச்சாட்டு இல்லை என்பதைக் கவனியுங்கள். பணம் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று அவள் எழுதவில்லை. அதற்கு அவளிடம் இன்னும் சான்று இல்லை. விண்ணப்பத்துக்குப் பதில் வந்தபின், இரண்டாவது கடிதத்தில் உண்மைத் தொகையை எழுதலாம். வட்டாரத்துக் கணக்கில் "ஆயிரம் வீட்டார் கொடுத்திருப்பின்" என்று நிபந்தனையோடு சொல்லியிருப்பதும் அந்த எச்சரிக்கையினாலேதான். கன்னட அலமாரியைப் பற்றிய ஒரு வாக்கியமும் வீணன்று. தமிழ் நூல் மட்டும் கேட்டால், இது வெளியூராரின் குறை என்று தள்ளிவிடக் கூடும். இரு மொழியாரும் ஒரே வரியைக் கொடுத்து ஒரே குறையை அனுபவிக்கின்றனர் என்று காட்டினால், அண்டை வீட்டுக் கன்னடக் குடும்பமும் அக்கடிதத்தில் கையொப்பமிடும். உள்ளூர் மக்கள் படிக்கும் பத்திரிகைக்கு அதன் மொழியிலேயே பெயர்த்து அனுப்புவதும், உண்மைப் பெயரும் முகவரியும் சேர்ப்பதும் அவசியம்.

மற்ற மாநிலங்களில் வாழ்வோர் இக்கடிதத்தை அப்படியே படியெடுத்தால் பயன்படாது. மகாராட்டிரத்தில் 1967ஆம் ஆண்டின் சட்டம் நூல்நிலைய வரி விதிக்கவில்லை; சங்கங்கள் நடத்தும் நூல்நிலையங்களைத் தரம் பிரித்து அங்கீகரித்து மானியம் தருகிறது. எனவே மும்பையில் ரசீதைக் காட்டி வாதிட முடியாது. மானியம் போதுமா, காலத்தில் வருகிறதா என்பதே அங்கு வினா. தமிழ்ச் சங்கத்தின் நூல்நிலையம் அங்கீகாரத்துக்குத் தகுதி உடையதா என்பதையும் விசாரிக்கலாம். மேற்கு வங்காளத்தில் 1979ஆம் ஆண்டு வந்த சட்டத்திலும் தனி வரி கிடையாது. தில்லியில் 1951ஆம் ஆண்டு தொடங்கிய தில்லிப் பொது நூல்நிலையம் மத்திய அரசின் பொருளுதவியால் நடப்பது. அதைப் பற்றி எழுதுவோர் மத்திய அரசின் பண்பாட்டு அமைச்சகத்தையே நோக்கி எழுத வேண்டும்.

தனி வரி எல்லாக் குறையையும் தீர்த்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். மாளிகைகள் நிறைந்த நகரத்தில் சொத்து வரி மிகுதி. அதனால் நூல்நிலைய வரியும் மிகுதி. ஓட்டு வீடுகள் நிறைந்த கிராமத்தில் இரண்டும் சொற்பம். புத்தகம் எங்கே மிகவும் வேண்டுமோ அங்கே வரி குறைவாக வருகிறது. ஆதலின் கிராமங்களுக்கு மாநில அரசின் மானியமும் சேர்ந்தாக வேண்டும். நகரத்தில் வாழ்வோர் தாம் கொடுத்த வரிக்குக் கணக்குக் கேட்டுக் கடிதம் எழுதும்போது, கிராமத்து நூல்நிலையத்துக்கு அவ்வாண்டு அரசு ஒதுக்கிய மானியம் எவ்வளவு என்ற கேள்வியையும் கடைசி வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.