உரிமைத் தொகை இல்லாத இசை

கலியாண வீட்டுப் படம், சமையல் செய்முறை, கோயில் திருவிழா, கடை விளம்பரம் என்று காணொளி எடுப்போர் பலர் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னணி இசை தேவை. சினிமாப் பாட்டைப் போட்டால் உரிமையாளர் தடுத்துவிடுவார். ஆகவே, சொந்தமாக மெட்டமைத்து, பதிவு செய்து, அதைப் பயன்படுத்தும் உரிமத்தை அவர்களுக்கு விற்கும் இசைக் கலைஞர்கள் உருவாகியிருக்கிறார்கள். அந்த விற்பனை எப்படி நடக்கிறது, எங்கே சிக்கிக்கொள்கிறது என்பதை இன்று பார்ப்போம்.

இந்தத் தொழிலில் அடிக்கடி காதில் விழும் சொல் ‘ராயல்டி ஃபிரீ’. இதை இலவச இசை என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். பதிப்புரிமை இல்லாத இசை என்று எண்ணுவோரும் உண்டு. இரண்டும் தவறு. வாங்குபவர் ஒரே ஒரு முறை பணம் கட்டுகிறார். அதன் பிறகு அவருடைய காணொளியை நூறு பேர் பார்த்தாலும் லட்சம் பேர் பார்த்தாலும், ஒவ்வொரு பார்வைக்கும் தனியாக அவர் உரிமைத் தொகை செலுத்த வேண்டியதில்லை. அவ்வளவுதான் அதன் பொருள். இசையின் பதிப்புரிமை இசையமைப்பாளரிடமே இருக்கிறது. வீட்டை விற்காமல் வாடகைக்கு விடுவதைப் போன்றது இது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஒரு வீட்டை ஒரு குடும்பத்திற்குத்தான் விடலாம். ஓர் இசையை ஒரே வேளையில் பலருக்கு விடலாம்.

அப்படி விடுவதற்கு முன், இசை முழுவதும் தம்முடையதுதானா என்று கலைஞர் பார்க்க வேண்டும். ஓர் இசைப்பதிவில் இரண்டு உரிமைகள் அடங்கியிருக்கின்றன. மெட்டுக்கு உரிய உரிமை ஒன்று. அதைப் பதிவு செய்த ஒலிப்பதிவுக்கு உரிய உரிமை மற்றொன்று. நண்பர் ஒருவர் வந்து தபேலா வாசித்திருந்தால், அவருக்குக் கொடுத்த கூலியோடு, பதிவை எல்லா விதத்திலும் விற்கலாம் என்ற எழுத்துமூலமான சம்மதத்தையும் அன்றே வாங்கிவிட வேண்டும். காம்பஸ் என்ற சங்கம் சிங்கப்பூரிலும், எம்.ஏ.சி.பி. என்ற சங்கம் மலேசியாவிலும் பொதுநிகழ்ச்சி உரிமைத் தொகையை வசூலித்து உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. இத்தகைய சங்கத்தில் சேர்ந்தவர், எந்த உரிமையைச் சங்கத்தின் பொறுப்பில் விட்டிருக்கிறோம் என்று படித்துப் பார்க்காமல், “யாரும் எங்கும் எதுவும் கட்ட வேண்டாம்” என்று வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது.

இனி ஓர் எடுத்துக்காட்டு. கிள்ளானில் ஒரு புல்லாங்குழல் கலைஞர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தீபாவளிக்கு ஏற்ற 2 நிமிட இசை ஒன்றை அவர் அமைக்கிறார். ஒரு விளம்பர நிறுவனம், “எங்களுக்கு மட்டும் கொடுங்கள், 800 வெள்ளி தருகிறோம்” என்று கேட்கிறது. இது தனியுரிமம். கொடுத்துவிட்டால் வேறு யாருக்கும் அதை விற்க முடியாது. கலைஞர் அதை மறுத்து, பொது உரிமமாக ஒருவருக்கு 60 வெள்ளி என்று விலை வைக்கிறார். ஓராண்டில் 25 பேர் வாங்குகிறார்கள்; 1,500 வெள்ளி வருகிறது. அடுத்த ஆண்டும் அதே இசை விற்கும்.

வாங்கிய 25 பேரில் ஒருவர் பாடகர். அந்த இசையின் மேல் தாம் ஒரு பாட்டைப் பாடி, இணையத்தில் பாடல் வெளியிடும் நிறுவனம் ஒன்றிடம் கொடுக்கிறார். அங்கே, ‘கண்டென்ட் ஐடி’யிலும் பதிவு செய்யலாமா என்று கேட்கிறார்கள். சரி என்கிறார். கண்டென்ட் ஐடி என்பது யூடியூப் வைத்திருக்கும் ஓர் அடையாளம் காணும் முறை. பதிவு செய்த ஒலியின் கைரேகையைப் போன்ற ஒன்றை அது எடுத்து வைத்துக்கொண்டு, மேலேறும் காணொளிகளில் எல்லாம் தேடுகிறது. பாடகரின் பதிவில் புல்லாங்குழலும் இருக்கிறதல்லவா? ஆகவே மற்ற 24 பேரின் காணொளிகள் மீதும் பாடகர் பெயரில் உரிமைக் கோரிக்கை எழுகிறது. விளம்பர வருமானம் அந்தப் பக்கம் திரும்புகிறது. மெட்டமைத்தவரே தம் இசையை ஏற்றினாலும் இதே கதிதான்! வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் திட்டுவது யாரை? கலைஞரைத்தான்.

இதற்கு மருந்து இரண்டு. முதலாவது, வாங்கியவர் கையில் ஓர் உரிமச் சான்று இருக்க வேண்டும். இசையின் பெயர், வாங்கியவர் பெயர், அவருடைய சேனலின் பெயர், தேதி, உரிம எண் ஆகியவை அதில் இருந்தால் போதும். அதைக் காட்டி அவர் மறுப்புத் தெரிவிக்கலாம். கோரியவர் 30 நாட்களுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டாவது, நோய் வராமல் தடுப்பது. “இந்த இசையைத் தனிப் பாடலாகவோ, பாட்டின் பின்னணியாகவோ வெளியிடக் கூடாது, எந்த அடையாள முறையிலும் பதிவு செய்யக் கூடாது” என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிவிட வேண்டும். பாட விரும்புவோருக்கு வேறு உரிமம், வேறு விலை.

இசையை விற்பனைக்கு வைக்குமுன் சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு. வெறும் படம் ஒன்றோடு அந்த இசையைச் சேர்த்து, பிறர் பார்க்க முடியாதபடி யூடியூப்பில் ஏற்றினால், வேறு யாராவது உரிமை கோருகிறார்களா என்று அதிலேயே தெரிந்துவிடும். கடையில் வாங்கிய ஆயத்தத் தாளத் துண்டுகளைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்தச் சோதனை மிக அவசியம். அதே துண்டை வேறொருவரும் பயன்படுத்தியிருப்பார். அவர் அதைப் பதிவு செய்தும் இருக்கலாம்.

அடுத்து, இசைப் பட்டியலைப் பெருக்குவது. நம் கலைஞரிடம் இருப்பது ஒரே தீபாவளி இசைதான். ஆனால் அதிலிருந்து பல சரக்குகள் எடுக்கலாம். முழு 2 நிமிடம் ஒன்று. 60, 30, 15 வினாடிகளுக்கு வெட்டியவை மூன்று. புல்லாங்குழலை நீக்கித் தாளமும் சுருதியும் மட்டும் உள்ள வடிவம் ஒன்று. இந்தக் கடைசி வடிவத்தைத்தான் காணொளிக்காரர்கள் விரும்பித் தேடுவார்கள். யாரோ பேசும்போது பின்னால் மெட்டும் ஓடினால் பேச்சு காதில் ஏறாது. வெட்டும்போது ஒலியை மெல்லத் தேய்த்து மறைப்பதைவிட, தாளம் முடியும் இடத்தில் நிறுத்துவது நல்லது. காணொளிகள் வழக்கமாக 48 கிலோஹெர்ட்ஸ் ஒலியில் தயாராவதால், பதிவையும் அதே அளவில், சுருக்கப்படாத கோப்பாகக் கொடுக்க வேண்டும்.

ஒலி விளைவுகளும் இந்தப் பட்டியலில் சேரும். மழை யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் உங்கள் தகரக் கூரையில் விழுந்த மழையை நீங்கள் பதிவு செய்தால், அந்தப் பதிவு உங்களுடையது. உணவுக்கடையில் தே தாரிக் ஆற்றும் ஓசையைப் பதிவு செய்யப் போகிறீர்கள் என்றால், கடை வானொலியை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். பின்னால் ஒரு சினிமாப் பாட்டு மெல்லக் கேட்டாலும் அந்தப் பதிவை விற்க முடியாது. ஒரே ஓசையை நான்கைந்து முறை எடுங்கள். யாரும் பேசாத வேளையில் கடையின் பொது இரைச்சலையும் ஒரு நிமிடம் எடுத்து வையுங்கள். காட்சிக்குக் காட்சி ஒட்டுப்போட அது உதவும்.

கடைசியாகப் பெயரிடுதல். ‘இசை 7’ என்று பெயர் வைத்தால் யாருக்கும் அகப்படாது. காணொளிக்காரர் தேடுவது ராகத்தின் பெயரை அன்று. ‘பண்டிகை, மகிழ்ச்சி, புல்லாங்குழல், நடுத்தர வேகம், 30 வினாடி’ என்றுதான் தேடுவார். அந்தச் சொற்களையே ஒவ்வொரு பதிவின் விவரக் குறிப்பிலும் எழுதி, சம்மதக் கடிதத்தின் நகலையும் அதே கோப்பில் சேர்த்து வையுங்கள். பத்து ஆண்டு கழித்து ஒருவர் உரிமை பற்றிக் கேட்டாலும், தபேலாக்காரர் கையெழுத்தை நீங்கள் தேடி அலைய வேண்டியிராது.