ரிசல்ட் நாளில் பங்கை வைத்திருக்கலாமா?

நம் குடியிருப்பில் பங்கு வைத்திருப்பவர்கள் பலர் இருப்பதால் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். காலாண்டு ரிசல்ட் வரும்போது பங்கை வைத்திருப்பதா, விற்பதா?

முதலில் தேதி. காலாண்டு முடிந்த 45 நாட்களுக்குள் நிறுவனங்கள் ரிசல்ட்டை வெளியிட வேண்டும். மார்ச் காலாண்டுக்கு மட்டும் 60 நாட்கள். போர்டு மீட்டிங் தேதியைப் பங்குச் சந்தை இணையதளத்தில் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். பல ரிசல்ட்கள் சந்தை மூடிய பிறகு வருவதால், மறுநாள் காலை விலை ஒரேயடியாகத் தாவும். 2024 ஜனவரி 16 அன்று எச்டிஎஃப்சி வங்கி ரிசல்ட் வந்தது. லாபம் கூடியிருந்தது. ஆனாலும் மறுநாள் பங்கு 8 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. டெபாசிட் வளர்ச்சி போதவில்லை என்ற கவலை சந்தைக்கு.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். உங்களிடம் 200 பங்குகள் இருக்கின்றன; விலை 500 ரூபாய். கடந்த நான்கு காலாண்டுகளில் ஒரு பங்குக்கு லாபம் 20 ரூபாய். அப்படியானால் பி.இ. 25. அதே நிறுவனத்தின் ஐந்து வருட வழக்கமான பி.இ. 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். சார்ட்டில் 520-ல் இரண்டு முறை விலை தடுக்கப்பட்டிருக்கிறது. 460-ல் வாங்குவோர் வந்திருக்கிறார்கள்.

ரிசல்ட் நன்றாக வந்து வருட லாபம் 22 ஆனால், அதே பி.இ.யில் விலை 550. அதற்கும் 520-ஐத் தாண்டியாக வேண்டும். ஏமாற்றினால் பி.இ. 20-க்கு இறங்கி விலை 400. ஆக, வரவு 50, இழப்பு 100.

"460-ல் ஸ்டாப் லாஸ் போட்டிருக்கிறேனே" என்பீர்கள். சந்தை 440-ல் திறந்தால் அந்த விலையை ஒட்டித்தான் விற்கும். லிமிட் விலையோடு போட்டிருந்தால் விற்காமலே நின்றுவிடும். ஆகவே பாதுகாப்பு ஸ்டாப் லாஸில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. 400 வரை போனால் 200 பங்குக்கு நஷ்டம் 20,000. உங்களால் தாங்க முடிந்தது 10,000 என்றால், ரிசல்ட்டுக்கு முன்பே 100 பங்கை விற்றுவிடுங்கள்.

அதே பங்கு 420-ல் இருந்து, 410-ல் ஆதரவு இருந்தால் கதை வேறு. பி.இ. 21 தான். நல்ல ரிசல்ட்டில் அதே பி.இ.யில் 462, மோசமானால் 400. வரவு 42, இழப்பு 20. முழுவதையும் வைத்திருக்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். நிலம் விற்றது போன்ற ஒருமுறை வருமானம் லாபத்தில் கலந்திருந்தால் அதைக் கழித்த பிறகே பி.இ. போடுங்கள், இல்லாவிட்டால் பங்கு மலிவாகத் தோன்றும். 400 என்பதும் அடிமட்டம் அல்ல. லாபமே 18-க்குக் குறைந்தால் பி.இ. 20-ல் விலை 360.

இந்தக் கணக்கை ரிசல்ட்டுக்கு ஒரு வாரம் முன்பே தாளில் எழுதிவையுங்கள்.