சிப்பிக் காளானும் வாரக் கணக்கும்

(மன்றத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கலஹாவில் வெறுமையாய்க் கிடந்த அறையொன்றில் நாங்கள் சிலர் சேர்ந்து சிப்பிக் காளான் வளர்த்து வருவதை நீங்கள் அறிவீர்கள். அதன் வரவு செலவை இங்கே சொல்லும்படி செயலாளர் பணித்தார்.

காளான் வளர்வது மண்ணிலன்று, மரத்தூளிலே. றப்பர் மரத்தூள் பத்துக் கிலோவுக்கு அரிசித் தவிடு ஒரு கிலோ, சிறிது சுண்ணாம்பு, சிறிது பயற்றமாவு, சிறிது எப்சம் உப்பு என்பது இலங்கையில் வழங்கும் கலவை. கையில் அள்ளிப் பிழிந்தால் உருண்டையாக நிற்கவேண்டும். விரலிடையே நீர் சொட்டக்கூடாது. இதைப் பொலித்தீன் பையில் இறுக்கி, பீப்பாயில் பல மணி நேரம் ஆவியில் அவித்து, ஆறியபின் காளான் வித்து இடுவர். அவியல் குறைந்தாலோ, வித்திடும் இடத்தில் காற்று அலைந்தாலோ பை கெட்டுவிடும். ஆகவே புதியவர்கள் பீப்பாயும் அடுப்பும் வாங்கிப் பணத்தை முடக்காமல், வித்திட்ட பைகளையே வாங்கித் தொடங்குவது நல்லதென்பது எங்கள் அபிப்பிராயம். நாங்களும் அப்படியே செய்தோம். எங்கள் செலவு கயிறு, கம்பு, கதவுக்கு நுளம்பு வலை, நீர் தெளிக்கும் கருவி, தரைக்கு மணல், பைகள் என்பவற்றோடு நின்றது.

வித்திட்ட பை நான்கு வாரமளவில் முழுவதும் வெளுக்கும். இடையில் பச்சைத் திட்டுத் தோன்றினால் அது வேறு பூஞ்சணம். அப்பையைத் திறவாமல் அப்படியே அறைக்கு வெளியே கொண்டு போகவேண்டும். திறந்தால் அதன் தூள் மற்றப் பைகளிலும் படியும். எங்களுக்கு இருபத்தைந்துக்கு மூன்று பை இவ்வாறு போகின்றது.

வெளுத்த பையைக் கீறிவிட்டு, அறையின் ஈரத்தைக் காத்தால் சில நாட்களில் மொட்டு வரும். தண்டு நீண்டு குடை சிறுத்தால் அறையில் காற்றோட்டம் போதாதென்று அறியலாம். குடையிலே நீர் தங்கினால் மஞ்சள் படர்ந்து அழுகும். எனவே தரைக்கும் சுவருக்கும் தெளிப்பதே முறை. குடையின் விளிம்பு மேல்நோக்கி மடியுமுன் பறித்துவிட வேண்டும். தாமதித்தால் வெண்தூள் பறந்து அறைக்குள் நிற்பவருக்கு இருமல் உண்டாகும்.

இனிச் சிக்கலான பகுதிக்கு வருகின்றோம். ஒரு பை மூன்று மாத காலத்தில் எங்களுக்குக் கால் கிலோவளவு தருகின்றது. அதுவும் நாள்தோறும் சிறிது சிறிதாகத் தருவதில்லை. முதல் விளைச்சல் ஒரே மூச்சில் வரும்; பிறகு ஒரு வாரம் பத்து நாள் ஓய்ந்து, அடுத்தது குறைவாக வரும். இருநூறு பையை ஒரே நாளில் தொங்கவிட்டால் மூன்று நான்கு நாளில் இருபது கிலோ குவியும். அதன்பின் கடைக்காரருக்குக் கொடுக்க ஒன்றும் இராது. பறித்த காளானோ வெளியில் வைத்தால் ஓரிரு நாளில் வாடிவிடும். குளிர்சாதனப் பெட்டியிலும் ஒரு வாரம் தாங்குவது அரிது.

இதனால் நாங்கள் வாரத்துக்கு இருபத்தைந்து பை என்று வைத்துக்கொண்டோம். மூன்று கெட்டால் எஞ்சுவது இருபத்திரண்டு. அவற்றின் விளைச்சல் ஐந்தரைக் கிலோ. அதாவது இருநூறு கிராம் பொதி இருபத்தேழு. பழைய பைகளும் புதியனவும் கலந்து நிற்பதால், மூன்று மாதத்தின்பின் வாரந்தோறும் ஏறக்குறைய இத்தொகை கிடைத்து வருகின்றது. எங்கள் கணக்கில் ஒரு பையின் விலை ஒரு பொதியின் விலையில் பாதி. ஆகவே பதின்மூன்று பொதி பைக்கே போய்விடும். மிச்சம் பதினான்கு. அதிலேதான் பஸ் கட்டணமும், உறையும், எங்கள் உழைப்பும் அடங்கவேண்டும். இருபத்தேழில் பாதி விலைபோகாமல் வாடினால் அவ்வாரம் நாங்கள் உழைத்தது வீண்.

முதலில் காளானைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குவோரைத் தேடினோம். கடைக்காரர் சிலர் எடுத்தனர். ஆனால் விற்காததைத் திருப்பித் தந்து, விற்றதற்கு மட்டுமே பணம் கொடுத்தனர். மஞ்சளித்துத் திரும்பிய பொதியை என்ன செய்வது? இப்போது கலஹாவில் ஒரு கடைக்குச் செவ்வாயும் வெள்ளியும் ஐந்தைந்து பொதி, திரும்ப எடுப்பதில்லை என்ற உடன்பாட்டில் கொடுக்கின்றோம். அளவு சிறியதாகையால் அவரும் இணங்கினார். பேராதனைப் பக்கத்து மாணவர் விடுதிச் சமையலறை வியாழன் மாலை பத்து எடுக்கின்றது. வெள்ளி மரக்கறி நாளல்லவா! ஐந்து வீடுகள் வாரம் ஒன்று வாங்குகின்றன. ஆக இருபத்தைந்து. மற்ற இரண்டும் எங்கள் வீட்டுக் கறிக்கு. இறைச்சி மணம் என்று காளானை விலக்கும் சைவப் பெரியவர்கள் இச்சபையிலும் உண்டு. அவர்களை வற்புறுத்த நாங்கள் முயலவில்லை.

எனினும் மழை வந்து குளிர் கூடும் இரவுகளில் பைகள் பல ஒருங்கே மொட்டுவிடும். அதற்காக வெளுத்த பைகளில் சிலவற்றைக் கீறாமல் நிறுத்தி வைத்து, விளைச்சல் குறையும் வாரத்தில் கீறுகின்றோம். விடுதி விடுமுறையில் மூடும்போது பத்துப் பொதிக்கு வேறு வழி வேண்டும். ஆகையால் விடுமுறைக்கு இரண்டு மாதம் முன்னரே வாரப் பைகளை இருபத்தைந்திலிருந்து பதினைந்தாகக் குறைத்துவிடுகின்றோம்.