மின்னழுத்தம் ஏறியிறங்கும் ஊரில் ஒரு சிறு மின்பலகை

திருவண்ணாமலையில் எங்கள் வீட்டு மாடியில் வெப்பநிலையைக் குறித்துவைக்க அர்டுயினோ பலகை ஒன்றை அமைத்திருந்தேன். ஒரு கோடை மாலையில் காற்றடித்தபோது தெருவின் நியூட்ரல் கம்பி அறுந்தது. விளக்குகள் கண்கூசும்படி எரிந்தன. மலிவான சார்ஜர் வெடித்தது. பலகையும் அதனுடன் மாண்டது.

காரணம் எளியது. மூன்று பேஸ் கம்பிகளில் எந்த இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 400 வோல்ட்டு உண்டு. நியூட்ரல் இருக்கும்வரை ஒவ்வொரு வீட்டுக்கும் 230 கிடைக்கும். அது அறுந்தால், குறைவாக மின்சாரம் செலவிடும் வீட்டில் அழுத்தம் 300-க்கும் மேல் ஏறும். அதிகம் செலவிடும் வீட்டில் விளக்கு மங்கும்.

இம்முறை பழைய பாணி மின்மாற்றியையே நாடினேன். 230 வோல்ட்டை 9 வோல்ட்டாக்கும், அரை ஆம்பியர் தரும் மின்மாற்றி அது. அதன் இரு சுருள்களுக்கும் கம்பித் தொடர்பில்லை. ஆகவே மெயின் மின்சாரம் பலகையை நேராகத் தீண்டாது. நான்கு டையோடுகளும் 2200 மைக்ரோபாரட் மின்தேக்கியும் கடந்தபின் சுமார் 11 வோல்ட்டு நேர்மின்னோட்டம் கிடைக்கிறது. மெயின் 180-க்கு இறங்கினால் அது எட்டரை. 280-க்கு ஏறினால் 14. சுமை குறைந்தால் இன்னும் சற்று ஏறும். இடையில் நிற்கும் 7805 என்னும் சீராக்கிக்கு 7 வோல்ட்டு இருந்தால் போதும், 14-ம் பொருட்டல்ல. பலகையின் `5V` முனைக்கு மாறாத 5 வோல்ட்டைத் தருகிறது. மிகுதி வெப்பமாகக் கழிவதால் அதன் முதுகில் அலுமினியத் தகடு வேண்டும்.

ஆனால் 350 வோல்ட்டு நீடித்தால் மின்மாற்றியே சூடேறிக் கருகும். அங்கேதான் வேரிஸ்டரும் பியூஸும் கைகோக்கின்றன. 275 வோல்ட்டுக்குக் குறிக்கப்பட்ட வேரிஸ்டர் வழக்கமான அழுத்தத்தில் உறங்குகிறது. அழுத்தம் மீறினால் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வழிதிறந்து, பெரும் மின்னோட்டத்தைத் தன்வழியே இழுக்கிறது. அதற்கு முன்னால் வைத்த கால் ஆம்பியர், மெதுவாக உருகும் வகை பியூஸ் அப்போது அறுகிறது. பியூஸை வேரிஸ்டருக்குப் பின்னால் வைத்தவர்கள் உண்டு. வேரிஸ்டர் தீப்பற்றும்போது அந்தப் பியூஸ் சும்மா வேடிக்கை பார்க்கும்!

அறுந்த பியூஸே சாட்சி சொல்லும். கண்ணாடி கருத்திருந்தால் ஷார்ட் போன்ற திடீர்ப் பேரோட்டம். கண்ணாடி தெளிவாயிருந்து கம்பி மட்டும் உருகியிருந்தால் நெடுநேரம் சிறிது மிகையாக ஓடியது. முதல் வகையானால் வேரிஸ்டரையும் பாருங்கள். வெடிப்போ கருப்போ இருந்தால் மாற்றுங்கள். பலமுறை அடிவாங்கிய வேரிஸ்டர் வெளியே நலமாகத் தோன்றியும் உள்ளே தளர்ந்திருக்கும்.

230 வோல்ட்டுப் பகுதியை மூடிய பெட்டிக்குள் அமைத்து, அனுபவமுள்ள மின்பணியாளரைக் கொண்டே இணையுங்கள். அருகில் விழும் இடிக்கு இந்த ஏற்பாடு எதுவும் உறுதியில்லை; நான் மேகம் இருண்டதும் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறேன்.