அழைப்பிதழில் அமையும் சொல்

திருச்சிற்றம்பலம்.



திருவிழாவுக்கு வந்திருக்கும் உங்கள் ஒவ்வொருவர் இல்லத்திற்கும் முதலில் வந்தது ஓர் அழைப்பிதழ். இறைவன் திருமுன் வைத்து வணங்கப்பெற்று, மஞ்சள் தடவி, கைகூப்பி அளிக்கப்படுவது அது. அதில் எச்சொல்லை இடுவது, எச்சொல்லை விடுவது என்பதைப் பற்றியே இன்று சிறிது சிந்திக்க விழைகின்றேன்.

திண்டுக்கல்லுக்குக் கிழக்கே ஓர் ஊரில், சிவாலயத் திருப்பணி நிறைவெய்தித் தை மாதத்தில் விழா நடத்த நாள் குறித்தனர். அழைப்பிதழ் எழுதும் பொழுது அடியார்கள் இரு பிரிவாயினர். முதியோர் சிலர், சிவாசாரியார் எழுதிக் கொடுத்த குறிப்பை எழுத்து மாறாமல் அச்சிட வேண்டும் என்றனர். இளைஞர் சிலர், வடசொல் ஒன்றும் இருத்தலாகாது என்றனர். இரு திறத்தாரும் அன்பினாலேயே பேசினர். ஆயினும் அச்சகத்துக்குத் தாள் செல்லாமல் பத்து நாள் கழிந்தது. பின்னர் என்னை அழைத்தனர். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தோம்.

முதற்சொல் கும்பாபிஷேகம். கும்பம் என்பது குடம். அபிஷேகம் என்பது நீராட்டுதல். வேள்விச் சாலையில் பல காலம் வழிபட்ட திருக்குடத்து நீரை விமானக் கலசத்தின் மேலும், பின்னர் மூலத்திருமேனியின் மேலும் சொரிகின்றோம். இளைஞர்களுள்ளேயே ஒருவர் ‘குடமுழுக்கு’ என்றார். மற்றொருவர் ‘குடநீராட்டு’ என்றார். முன்னதை மறுத்தவர், “தொழிலுக்கு முழுக்குப் போட்டான் என்று பேசுகின்றோமே” என்றார். பின்னதை மறுத்தவர், “மஞ்சள் நீராட்டு நினைவுக்கு வருகிறதே” என்றார். மயிலாடுதுறையில் ஐப்பசிக் கடைமுழுக்கு என்று மக்கள் இன்றும் பக்தியோடு சொல்லுகின்றார்கள். ஆகவே முழுக்கு இழிந்த சொல் அன்று. நீராடுதல் தானே ஆடுவது. நீராட்டுதல் பிறரை ஆட்டுவது. இறைவனை நாம் நீராட்டுகின்றோம் ஆதலின் நீராட்டு என்பதும் பொருளுக்கு இசைந்ததே. எனவே இரண்டும் தகும். ஆனால் முகப்பில் ஒன்று, உள்ளே மற்றொன்று, சுவரொட்டியில் மூன்றாவது என்று வந்தால், மூன்று விழாக்கள் என்று ஊரார் எண்ணுவர். ஒன்றைத் தேர்ந்து முடிவு வரை அதையே எழுதுக என்றேன். ‘திருக்குடமுழுக்கு’ என்று தலைப்பிட்டு, அதன்கீழ் ஒரே ஒரு முறை ‘கும்பாபிஷேகம்’ என்று சிறிய எழுத்தில் சேர்த்தனர்.

இரண்டாவது சொல் பாலாலயம். பழைய தாளில் ‘பாலாலயம் செய்த நாள்’ என்றிருந்தது. ஒரு தாயார் அதைக் கேட்டுப் பால்குடம் எடுக்கும் கோயில் என்று நினைத்துக்கொண்டார். பாலன் என்பதிற்போல இங்கே ‘பால’ என்பது இளமையைக் குறிக்கும். திருப்பணி நடக்குங்கால் இறைவனை எழுந்தருளச் செய்யும் சிறு கோயில் அது. இதற்குத் தமிழ்ச்சொல் எவரும் புதிதாய்ப் படைக்க வேண்டுவதில்லை. மீயச்சூரில் இருக்கும் இளங்கோயில் தேவாரம் பாடப்பெற்ற தலம். இளங்கோயில் என்னும் பெயர் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாய் நம்மிடம் உள்ளது. மறைக்காடு வேதாரண்யம் ஆனதும், முதுகுன்றம் விருத்தாசலம் ஆனதும் அன்பர்கள் அறிந்தவையே. இத்தகைய இடங்களில் தமிழ்ச்சொல்லை இடுவது புதுமை அன்று. மறந்துபோன பழமையை மீட்பதாகும்.

மூன்றாவது, கிரியைகளின் பெயர்கள். மிருத்சங்கிரகணம் என்பதை ‘மண் எடுத்தல்’ என்றும், அங்குரார்ப்பணம் என்பதை ‘முளைப்பாலிகை இடுதல்’ என்றும், ரக்ஷாபந்தனம் என்பதைக் ‘காப்புக் கட்டுதல்’ என்றும் எழுதினோம். முளைப்பாரி இடுவதும் காப்புக் கட்டுவதும் நம் ஊர் அம்மன் விழாவில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் கலாகர்ஷணம் என்ற இடத்தில் இளைஞர்களின் தாளில் ‘ஆற்றல் ஈர்ப்பு’ என்றிருந்தது. அஃது இயந்திரச் சாலையின் சொல்போல் ஒலிக்கிறது. திருமேனியில் விளங்கும் இறையாற்றலைக் குடத்தில் எழுந்தருளச் செய்வதே அக்கிரியை. ஆகவே ‘திருக்குடத்தில் இறைவனை எழுந்தருளச் செய்தல் (கலாகர்ஷணம்)’ என்று எழுதினோம். ஒற்றைச் சொல்லுக்கு ஒற்றைச் சொல்தான் வேண்டும் என்ற கட்டாயம் எங்கே இருக்கிறது? ஒரு தொடரால் பொருள் விளங்குமாயின் அத்தொடரே தக்கது. வடமொழிப் பெயரையும் உடன் வைத்தமைக்குக் காரணம் உண்டு. வெளியூரிலிருந்து வரும் சிவாசாரியார்கள் அப்பெயரைக் கொண்டே தத்தம் பொருள்களை ஆயத்தம் செய்வார்கள்.

நான்காவதுதான் மிக முக்கியமானது, காலக் குறிப்பு. சிவாசாரியார், ‘தை மாதம், காலை 9.30 மணிக்கு மேல் 10.30 மணிக்குள், மீன லக்னத்தில்’ என்று எழுதியிருந்தார். இளைஞர்களின் தாளில், ‘சுறவத் திங்கள், மீன ஓரையில்’ என்றிருந்தது, மணியைக் காணோம்! சுறவம் தை மாதத்திற்குத் தமிழறிஞர் வழங்கும் பெயர். ஊரில் எத்தனை பேர் அறிவர்? ஓரை என்றாலோ, பஞ்சாங்கம் பார்ப்போர் சுக்கிர ஓரை, குரு ஓரை என்று ஒரு மணி நேர அளவைக் கருதுவர். மீன ஓரையைத் தேடினால் எந்தப் பஞ்சாங்கத்திலும் அகப்படாது. கலசத்தில் நீர் சொரியும் அந்தச் சில நிமிடத்தைக் காணவே மக்கள் நெடுந்தொலைவிலிருந்து வருகின்றார்கள். சொல்லின் தூய்மைக்காக அந்தக் காட்சியை ஒரு கிழவி இழப்பாளாயின், அக்குறை யாரைச் சாரும்? எனவே ‘தை மாதம்’ என்றும், ‘மீன இலக்கினம்’ என்றும், மணியைப் பெரிய எழுத்திலும் இட்டோம். திருவள்ளுவர் ஆண்டையும் சேர்த்தோம். கிறித்து ஆண்டோடு 31 கூட்டினால் அது கிடைக்கும்.

இறைவன் திருப்பெயரை மட்டும் தொடவில்லை. திண்டுக்கல் நகரிலே பத்மகிரிநாதர் என்று நாள்தோறும் அழைத்து வணங்குவோரிடம், அப்பெயரை மொழிபெயர்த்துத் தந்தால் வேறோர் இறைவன் என்றே மயங்குவர். ஞானாம்பிகை, அபிராமி என்னும் பெயர்களும் அவ்வாறே.

அன்பர்களே, இந்த வழக்கு புதியதன்று. தனித்தமிழ் இயக்கம் 1916-இல் தோன்றியது. அதனைத் தோற்றுவித்த மறைமலையடிகள் சைவப் பேரறிஞர்; வேதாசலம் என்ற தம் பெயரையும், ஞானசாகரம் என்ற தம் இதழின் பெயரை அறிவுக்கடல் என்றும் மாற்றிக்கொண்டவர். அவருக்கு நெடுங்காலம் முன்னரே தொல்காப்பியர், செய்யுட் சொற்களை நான்காக வகுத்து, வடசொல்லையும் அவற்றுள் ஒன்றாக வைத்து, வட எழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தால் எழுத வழி கூறினார். அவ்வழியில் வந்ததே ‘இலக்கினம்’. 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-இல் நடைபெற்ற தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது மொழி வழக்கு நீதிமன்றம் வரை சென்று, தமிழ், வடமொழி இரண்டிலும் நடத்தலாம் என்று முடிந்தது. ஓதும் மொழி பற்றியது அவ்வழக்கு. அழைக்கும் மொழிக்கோ நீதிமன்றம் வேண்டுவதில்லை. படிப்பவர் காதே போதும்.

அந்த ஊரில் இறுதியாக ஒன்று செய்தோம். எழுதிய தாளை, எழுத்தறியாத ஒரு மூதாட்டியாரிடம் உரக்கப் படித்துக் காட்டினோம். “என்னைக்கு, எத்தனை மணிக்கு, என்ன செய்வாங்க?” என்று கேட்டோம். மூன்றுக்கும் தடையின்றி விடை சொன்னார். ஒரே இடத்தில் தயங்கினார், ‘நிறையவி’ என்றிருந்தது. “பூர்ணாகுதியா? அப்படிச் சொல்லுங்க தம்பி” என்றார். ‘நிறைவு வேள்வி (பூர்ணாகுதி)’ என்று திருத்தினோம். முதியோர் தாளை எழுதியவரும் இளைஞர் தாளை எழுதியவரும் அன்று மாலை ஒன்றாகவே அச்சகம் சென்றனர்.

திருச்சிற்றம்பலம்.