வரன் தேடும் புகைப்படம்

வரன் தேடுவோர் கைக்கு இந்நாளில் முதலில் வந்து சேருவது பெரும்பாலும் கைபேசிப் படமே. அப்படத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்பதை ஓர் உதாரணத்தால் காண்போம்.

நமக்கு வேண்டிய ஒரு வீட்டில் மகனுக்குப் பெண் தேடினார்கள். புகைப்பட நிலையத்தில் எடுத்த அவர் படத்தை ஓரிடத்திற்கு அனுப்பியிருந்தார்கள். பெண் வீட்டார் வந்தனர், பையனுடைய புருவத்தருகே இருந்த தழும்பைக் கண்டனர், காப்பியருந்திச் சென்றனர். பதில் வரவில்லை. தழும்பு உறுத்திற்றோ, அதை மறைத்தது உறுத்திற்றோ, நாம் அறியோம்.

அப்படத்தை நாம் வாங்கிப் பார்த்தோம். முகம் வெளுத்திருந்தது, கழுத்தும் கைகளும் வேறு நிறமாய் இருந்தன. நெற்றியோரத்து மயிரிழைகள் தோலோடு கரைந்திருந்தன. பின்னாலிருந்த தூணின் விளிம்பு அவர் இடுப்பருகே மட்டும் வளைந்திருந்தது. உடலை மெலிவித்தபோது தூணும் உடன் இழுபட்டுவிட்டது! திருத்திய படத்தைக் காட்டிக்கொடுப்பவை இவையே.

அவரே கைநீட்டி எடுத்த மற்றொரு படமோ அவருக்கு அநீதி செய்தது. கருவி முகத்திற்கு ஓரடித் தொலைவில் இருந்தால், ஐந்தடித் தொலைவில் எடுத்ததைக் காட்டிலும் மூக்கு சுமார் 30 சதவீதம் அகன்று தோன்றுமென 2018-இல் அமெரிக்க மருத்துவர் சிலர் கணக்கிட்டனர். உச்சி விளக்கோ கண்குழிகளில் நிழலை நிரப்பி, உறக்கமிழந்தவர் போல் அவரைக் காட்டிற்று.

ஆகவே புதிதாக ஒரு படம் எடுத்தோம். காலை வேளையில், நேர்வெயில் படாத ஜன்னலுக்கு மூன்றடி தள்ளி அவரை அமர்த்தி, முகத்தைச் சற்றே ஒளிப்பக்கம் திருப்பச் செய்தோம். மறுபக்கத்து நிழல் கடுமையாயிருந்ததால் அங்கே ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தோம், நிழல் தணிந்தது. கருவியை ஆறடித் தொலைவில் அவர் கண்மட்டத்தில் வைத்தோம். நின்ற உருவத்திற்கு மட்டும் இடுப்பு மட்டத்திற்கு இறக்கினோம். மேலிருந்து எடுத்தால் உடல் குறுகும். தரையருகிலிருந்து எடுத்தால் கால்கள் நீளும்.

இனி முகபாவம். "சிரியுங்கள்" என்றதும் உதடுகள் விரிந்தன, கண்கள் அசையவில்லை. தங்கை பழைய குறும்பொன்றை நினைவூட்டவே, கன்னம் உயர்ந்து கீழிமைகள் சுருங்கின. அக்கணமே எடுத்தோம். சிரித்துப் பழகாதவர்க்கு அமைதியான முகமே உண்மை முகம்.

தழும்பு படத்தில் தெரிந்தது. முகமும் பொலிவாகவே இருந்தது. தாயார் பார்த்து, "இவன்தான் என் பிள்ளை" என்றார். படத்தை மட்டும் கண்ட ஒருவர் ரயில் நிலையக் கூட்டத்தில் இவரை அடையாளம் காண்பாரா? காண்பார் எனில் படம் நேர்மையானது. குணத்தையும் குரலையும் எப்படமும் காட்டாது. அவற்றை நேரில்தான் அறிய வேண்டும்.