இலை இழுக்கிறது, மிஸ்!

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஒரு விடைத்தாளில் நான் குறைத்த அரை மதிப்பெண்ணைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

நான் எம்.கே.பி. நகரில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். தாவரங்களில் கடத்துதல் பாடம் முடிந்ததும் ஒரு சிறு தேர்வு வைத்தேன். "மண்ணிலுள்ள நீர் வேர்த்தூவிக்குள் செல்வது ஏன்?" என்பது அதில் வந்த இரண்டு மதிப்பெண் வினா. எல்லாரும் எழுதும் விடை நமக்குத் தெரியும். மண்நீரைவிட வேர்த்தூவியின் செல்சாறு செறிவு மிகுந்தது. ஆகவே சவ்வூடு பரவல் மூலம் நீர் உள்ளே செல்கிறது.

ஒரு மாணவி இதை எழுதிவிட்டு, கீழே ஒரு வரி சேர்த்திருந்தாள்: "ஆனால் எண்ணூரில் உப்புத் தண்ணியில் நிற்கும் மரத்துக்கு இலைதான் இழுக்க வேண்டும்." தேவையற்றது என்று அதைச் சிவப்பு மையில் அடித்து, அரை மதிப்பெண் குறைத்தேன். தாளை வாங்கியவள் என்னிடம் வந்து கேட்டாள்: "மிஸ், எங்க பாட்டி வீடு எண்ணூர்ல. கழிமுகத்துல அலையாத்தி மரம் நிக்குது. உருளைக்கிழங்கை உப்புத் தண்ணில போட்டா சுருங்கும்னு நீங்கதானே காட்டினீங்க? அப்ப அந்த மரம் ஏன் சுருங்கல?"

அன்று என்னிடம் பதில் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

வீட்டில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் என் கற்பித்தலில் இருந்த ஓட்டை தெரிந்தது. வேரில் நீர் நுழைவதை ஒரு பக்கத்திலும், இலையில் நீராவிப்போக்கை இன்னொரு பக்கத்திலும் நடத்தியிருக்கிறேன். இரண்டையும் இணைக்கவே இல்லை. அதனால்தான் "உயரமான மரங்களில் நீர் எப்படி மேலேறுகிறது?" என்று கேட்டால், "வேர் உறிஞ்சி மேலே தள்ளுகிறது" என்று முக்கால்வாசிப் பேர் எழுதுகிறார்கள்.

முதலில் இந்தத் 'தள்ளுகிறது' என்பதைச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தோம். கனாங் போட்டோமீட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு நந்தியாவட்டைக் கிளை, குளுக்கோஸ் ஏற்றும் டியூபில் ஒரு துண்டு, 1 மில்லிலிட்டர் பிப்பெட் ஆகியவை போதும். டியூபையும் பிப்பெட்டையும் நீரால் நிரப்பி, டியூபின் ஒரு முனையில் கிளையையும் மறுமுனையில் பிப்பெட்டையும் பொருத்தி, பிப்பெட்டின் நுனியில் ஒரு காற்றுக் குமிழியை விட வேண்டும்.

முதல் நாள் குமிழி அசையவே இல்லை. கிளையை மரத்தடியிலேயே வெட்டி, கையில் பிடித்தபடி வகுப்புக்கு எடுத்து வந்திருந்தேன். வெட்டிய கணத்தில் சைலத்துக்குள் காற்று புகுந்து நீர்த்தம்பம் அறுந்துவிட்டது. மறுநாள் வாளி நீருக்குள் கிளையின் அடியை அமிழ்த்தி, நீருக்கடியிலேயே இன்னொரு முறை சாய்வாக வெட்டி, அங்கேயே டியூபில் செருகினோம். இணைப்புகளில் வாசலின் தடவினோம். குமிழி நகர ஆரம்பித்தது.

பத்து நிமிடத்தில் மின்விசிறி இல்லாமல் 0.04 மில்லிலிட்டரும், மின்விசிறிக் காற்றில் 0.07 மில்லிலிட்டரும் நகர்ந்தது. இலைகளின் அடிப்பரப்பில் வாசலின் பூசியபின் 0.01தான். கடைசியாக இலைகளை எல்லாம் கிள்ளி எடுத்ததும் குமிழி ஏறக்குறைய நின்றுவிட்டது. இந்தக் கடைசிப் படியைத் தவறவிடாதீர்கள். இலை இல்லாதபோதும் குமிழி அதே வேகத்தில் ஓடினால், இணைப்பில் கசிவு இருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "இந்தக் கிளையில் வேர் எங்கே?" வகுப்பு அமைதியானது. வேரே இல்லை, ஆனாலும் நீர் ஏறியது. தள்ள ஆளில்லை என்றால் இழுப்பது யார்? இலைதான். இலைத்துளை வழியே நீராவி வெளியேறும்போது, இலைச் செல்களின் சுவரிலுள்ள நீர் குறைகிறது. அந்தக் குறை பின்னால் இருக்கும் நீரை இழுக்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பதால், அந்த இழுவை அறுபடாமல் சைலம் வழியே கீழே வரை செல்கிறது. டிக்சன், ஜோலி என்ற இருவர் 1894இல் சொன்ன விளக்கம் இதுதான்.

வேர் அழுத்தம் பொய்யல்ல. விடியற்காலையில் புல் நுனியில் நிற்கும் துளிகளில் அது தெரியும். ஆனால் அது பொதுவாக ஒன்றிரண்டு வளிமண்டல அழுத்தத்தைத் தாண்டுவதில்லை.

இப்போது எண்ணூருக்குப் போவோம். கடல்நீரின் சவ்வூடு பரவல் அழுத்தம் சுமார் 25 வளிமண்டல அழுத்தம். அந்த நீரிலிருந்து நல்ல நீரை மட்டும் பிரித்தெடுக்க, அதைவிடப் பெரிய விசை வேண்டும். நம் பக்கத்துக் காட்டுப்பள்ளியில், 2010 முதல் இயங்கும் மீஞ்சூர் கடல்நீர்க் குடிநீராக்கும் நிலையத்தில் இதைத்தான் செய்கிறார்கள். அங்கே பம்பு பின்னாலிருந்து தள்ளி, கடல்நீரைச் சவ்வு வழியே அழுத்துகிறது. அலையாத்தியில் பம்பு இல்லை. அங்கே இலை முன்னாலிருந்து இழுக்கிறது.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1965இல் ஷோலாண்டரும் அவருடைய குழுவினரும், வெட்டிய கிளையை ஓர் இரும்புக் கலனுக்குள் வைத்து, வெட்டுமுனை மட்டும் வெளியே தெரியும்படி அடைத்து, உள்ளே வாயு அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். வெட்டுமுனையில் சாறு எட்டிப்பார்க்கும்போது இருக்கும் அழுத்தம், கிளைக்குள் இருந்த இழுவைக்குச் சமம். ஈரமான காட்டு மரங்களில் அது 4, 5 வளிமண்டல அழுத்தமாக இருந்தது. அலையாத்தி வகைகளில் எந்நேரமும் 35 முதல் 60 வரை இருந்தது. 25ஐவிட அது அதிகம். அதனால்தான் அந்த மரம் சுருங்குவதில்லை. அலையாத்தியின் வேர் பெரும்பகுதி உப்பை வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. தப்பி உள்ளே வரும் உப்பை, எண்ணூரில் நிற்கும் அவிசென்னியா இலையின் உப்புச் சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. வெயில் நேரத்தில் அந்த இலையை விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். இதை எனக்குச் சொன்னதும் அதே மாணவிதான்.

அப்படியானால் பாடநூல் விடை தவறா? இல்லை. நல்ல நீர் இருக்கும் மண்ணில் செல்சாற்றின் செறிவே போதும். உப்பு மண்ணிலோ, உயரமான மரத்திலோ, நண்பகல் வெயிலிலோ அது மட்டும் போதாது. அங்கே இலையின் இழுவை வேர் வரை எட்டி, நீர் நுழையவும் காரணமாகிறது.

வினாத்தாள் தயாரிக்கும்போது இனி நான் இப்படிக் கேட்கிறேன்: "வேர் நீக்கிய கிளையைப் போட்டோமீட்டரில் பொருத்தினாலும் குமிழி நகர்கிறது. (அ) இதிலிருந்து நீ அறிவது என்ன? (ஆ) இலைகளை நீக்கினால் என்னாகும்? ஏன்? (இ) இக்கருவி நேரடியாக அளப்பது எதை?" கடைசிப் பகுதிக்கு 'நீராவிப்போக்கை' என்று எழுதினால் நான் மதிப்பெண் தருவதில்லை. கருவி அளப்பது கிளை உறிஞ்சும் நீரை. வாடிய கிளையாக இருந்தால், உறிஞ்சியதில் ஒரு பங்கு அதன் செல்களை நிரப்பவே போய்விடும். இரண்டும் ஏறக்குறைய சமம்தான், ஆனால் ஒன்றல்ல.

விடைக்குறிப்பில் இல்லாத ஒரு வரியை அடிக்கும் முன்பு, அது தவறா, அல்லது நம் குறிப்புதான் அதுவரை எட்டவில்லையா என்று ஒருமுறை பாருங்கள். அந்த அரை மதிப்பெண்ணை மறுநாளே திருத்திக் கொடுத்துவிட்டேன். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "மிஸ், அப்ப ராத்திரில இலைத்துளை மூடிக்குமே, அப்பவும் அந்த மரம் எப்படி இழுக்குது?" எந்நேரமும் 35க்குக் குறையாமல் இருக்கிறது என்பதில்தான் அதற்கும் விடை இருக்கிறது. அலையாத்தி இலைச் செல்களின் சாறு கடல்நீரைவிடச் செறிவானது. நீராவி போகாத இரவிலும் அது பிடியை விடுவதில்லை. இந்த முறை எனக்கு ஒரு நாள் தேவைப்படவில்லை.